அசல் வந்தால் விற்றுவிடலாம்

நஷ்டத்தில் கிடக்கும் பங்கைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இந்த வாசகம் வந்தே தீரும். "இப்ப விக்க வேண்டாம், அசல் வரட்டும், வித்துடலாம்." கூடவே இன்னொன்றும் வரும்: "விக்காத வரைக்கும் நஷ்டம் இல்ல." அதே ஆளிடம் லாபத்தில் இருக்கும் பங்கைப் பற்றிக் கேளுங்கள். "வந்த லாபத்தை எடுத்து வை, அப்புறம் அதுவும் போயிடும்" என்பார்.

இந்த மூன்று வாசகங்களிலும் பங்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கம்பெனி என்ன சம்பாதிக்கிறது, கடன் எவ்வளவு, இன்றைய விலை அதற்குத் தகுந்ததா என்ற எதுவும் இல்லை. மூன்றும் வாங்கிய விலை என்ற ஒரே எண்ணைத்தான் சுற்றி வருகின்றன. அந்த எண் உங்கள் டீமேட் கணக்கில் மட்டும் இருக்கிறது. பங்கை நாளை வாங்கப்போகிறவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் அவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே பங்கை உங்களைவிடக் குறைந்த விலையில் வாங்கிய ஒருவர் இன்று லாபத்தில் இருப்பார். பங்கு ஒன்றுதான். ஆனால் அவர் விற்கத் துடிப்பார், நீங்கள் விற்க மறுப்பீர்கள்.

ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் இரண்டு பங்குகள் இருக்கின்றன. இரண்டிலும் தலா 500 பங்கு, இரண்டையும் 200 விலையில் வாங்கினார். ஆக ஒவ்வொன்றிலும் போட்டது ஒரு லட்சம். முதல் பங்கு இப்போது 260, மதிப்பு 1,30,000. இரண்டாவது 140, மதிப்பு 70,000. அவசரமாக 70,000 தேவைப்படுகிறது. எதை விற்பது?

பெரும்பாலோர் முதல் பங்கில் 270 எண்ணிக்கையை விற்றுவிட்டு வருவார்கள். கையில் 70,200 கிடைக்கும், அதில் 16,200 லாபம், மனதுக்கும் நன்றாக இருக்கும். இரண்டாவது பங்கை முழுக்க விற்றாலும் அதே 70,000 கிடைத்திருக்கும். லாபத்துக்கு வரி போடும், நஷ்டத்தை லாபத்தோடு கழித்துக்கொள்ள விடும் நாடுகளில் இது இன்னும் வினோதம். வரி நூற்றுக்குப் பதினைந்து என்று வையுங்கள். முதல் பங்கை விற்றால் 2,430 வரி கட்ட வேண்டும். இரண்டாவதை விற்றால் 30,000 நஷ்டம் பதிவாகும், வேறு லாபம் இருந்தால் அதன்மேல் கட்டவேண்டிய வரியில் 4,500 குறையும். இரண்டு முடிவுக்கும் நடுவே 6,930 வித்தியாசம். அந்தப் பணத்தைக் கொடுத்து அவர் வாங்கியது, "நான் நஷ்டத்தில் விற்கவில்லை" என்ற ஒரு வாக்கியத்தை.

இந்தப் பழக்கத்துக்கு 1985இல் ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மெயர் ஸ்டாட்மனும் டிஸ்பொசிஷன் எஃபெக்ட் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அதை அசைக்க முடியாதபடி அளந்து காட்டியவர் டெரன்ஸ் ஓடியன். 1998இல் வெளிவந்த அவரது ஆய்வு, அமெரிக்காவில் ஒரு டிஸ்கவுண்ட் புரோக்கரிடம் இருந்த 10,000 கணக்குகளின் 1987 முதல் 1993 வரையிலான வியாபாரத்தை எடுத்துக்கொண்டது.

அவர் அளந்த விதம்தான் முக்கியம். விற்ற பங்குகளில் எத்தனை லாபத்தில், எத்தனை நஷ்டத்தில் என்று மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். சந்தை ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் எல்லாருடைய கணக்கிலும் லாபப் பங்குகள்தான் அதிகம் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு விற்றாலும் லாபப் பங்குதான் அதிகம் விற்கும். அதனால் ஓடியன், விற்பனை நடந்த ஒவ்வொரு நாளிலும் அந்தக் கணக்கில் இருந்த எல்லாப் பங்குகளையும் பார்த்தார். விற்கக்கூடிய லாபப் பங்குகளில் எத்தனை பங்கு விற்கப்பட்டது, விற்கக்கூடிய நஷ்டப் பங்குகளில் எத்தனை பங்கு விற்கப்பட்டது என்று இரண்டு விகிதம் எடுத்தார். லாபத்துக்கு 0.148 வந்தது, நஷ்டத்துக்கு 0.098. அதாவது ஒரு பங்கு லாபத்தில் இருந்தால், அது விற்கப்படும் வாய்ப்பு நஷ்டப் பங்குக்கு இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு.

லாபத்தை எடுத்தவர்கள் சரியாகத்தானே கணித்திருக்கலாம் என்று கேட்கத் தோன்றும். அவர் அதையும் பார்த்தார். அவர்கள் விற்ற லாபப் பங்குகள் அடுத்த ஓராண்டில், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் அதிகம் கொடுத்தன. சுருக்கமாக, வைத்திருக்க வேண்டியதை விற்றார்கள், விற்க வேண்டியதை வைத்திருந்தார்கள். டிசம்பர் மாதத்தில் மட்டும் வண்டி எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அமெரிக்காவில் வரிக்கணக்கு டிசம்பரோடு முடிவதால், அந்த ஒரு மாதம் நஷ்டப் பங்குகளை அதிகம் விற்கிறார்கள். வருஷம் முழுக்கத் தெரியாத அந்த வரி லாபம், தேதி நெருக்கும்போது தெரிந்துவிடுகிறது.

ஏன் இப்படி என்று கேட்டால், உடனே வரும் பதில்: நஷ்ட வெறுப்பு. இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்று டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் சொன்னார்கள், அவர்களது 1992 கட்டுரையில் அந்த மடங்கு 2.25. இந்த விளக்கம் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. என் பார்வையில் இது பாதி விளக்கம்தான். மீதிப் பாதியை விட்டுவிட்டால் பரிகாரமும் தப்பாகப் போகும்.

நஷ்டம் அவ்வளவு வலிக்கும் என்றால், விழுந்துகொண்டிருக்கும் பங்கை உடனே விற்றுவிட்டு மேற்கொண்டு நஷ்டப்படாமல் ஓடிவரத்தானே வேண்டும்? மேலே சொன்ன இரண்டாவது பங்கை எடுங்கள். இன்றே விற்றால் 30,000 நஷ்டம் உறுதி. வைத்திருந்தால் நஷ்டம் கூடலாம், குறையலாம். இரண்டு வழியும் நஷ்டப் பக்கத்திலேயே இருக்கின்றன. 2.25 என்ற பெருக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுகிறது, தராசு அசையாது. தராசை அசைப்பது வேறொன்று. நஷ்டம் பெருகப் பெருக, கூடுதல் நஷ்டம் மனதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைக்கும். முதல் பத்தாயிரம் போனபோது வந்த தூக்கமின்மை, நாலாவது பத்தாயிரம் போகும்போது வருவதில்லை. "போனது போச்சு, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்ற மனநிலை இதுதான்.

அவர்களுடைய சூத்திரத்தில் நஷ்டத்தின் வலி இப்படி:

```
v(-x) = -2.25 * x^0.88
```

x ஆயிரத்தில். 30க்கு வலி ஏறக்குறைய 44.9. இப்போது பங்கு 15,000 ஏறவோ 15,000 இறங்கவோ சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் 15 ஆகலாம் அல்லது 45 ஆகலாம், சராசரி வலி 44.3. வைத்திருப்பது மனதுக்கு லேசாகத்தான் இதமாக இருக்கிறது, பெரிய வித்தியாசம் இல்லை. ஆட்டத்தை மாற்றிப் பாருங்கள்: ஒன்று நஷ்டம் 60 ஆகும், அல்லது முழு அசலும் திரும்பி வந்து நஷ்டம் பூஜ்யமாகும். சராசரி வலி 41.3. இப்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஆபத்து கூடியிருக்கிறது, ஆனாலும் மனதுக்கு இந்த ஆட்டம்தான் பிடிக்கிறது. காரணம், அதில் அசல் இருக்கிறது. "அசல் வந்தால் விற்றுவிடலாம்" என்பது வெறும் பேச்சு இல்லை, அந்தப் புள்ளிதான் காந்தம்.

லாபப் பக்கம் இதே கணக்கு தலைகீழாக நடக்கும். கையில் இருக்கும் 30,000 லாபம், அறுபதோ ஒன்றுமில்லையோ என்ற ஆட்டத்தைவிட இனிக்கும். அதனால் புக் பண்ணிவிடுகிறோம்.

ஆனால் இந்தக் கணக்கும் முழுசாக நிற்பதில்லை. 2009இல் நிக்கோலஸ் பார்பெரிஸும் வெய் ஷியோங்கும் இந்த மாதிரியை வைத்து முழுக் கணக்கு போட்டுப் பார்த்தார்கள். அதன்படி நடக்கும் முதலீட்டாளர் பல சமயம் நேர் எதிராக, லாபத்தை வைத்துக்கொண்டு நஷ்டத்தை விற்கிறார். விலை ஏறி இறங்கும் ஒவ்வொரு நாளும் மனதில் லாப நஷ்டம் பதிவாகிறது என்று எடுத்தால் கணக்கு ஒத்துவரவில்லை. விற்கும் அந்தக் கணத்தில்தான் பதிவாகிறது என்று எடுத்தால் ஒத்துவருகிறது. "விக்காத வரைக்கும் நஷ்டம் இல்ல" என்ற நம்மூர்ப் பேச்சு, இந்த ஆராய்ச்சியின் முடிவை ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறது. மனசுக்குள் ஒவ்வொரு பங்குக்கும் தனிப் பேரேடு. விற்றால் அதை முடித்து, கீழே கோடு போட்டு, சிவப்பு எண்ணை எழுத வேண்டும். யாருக்கும் அந்தப் பக்கத்தை எழுத மனம் வராது.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "வாங்கியது தப்பு" என்ற கையெழுத்தும் சேர்ந்துதான் விழுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அதே முதலீட்டாளர்கள் தனிப் பங்குகளில் நஷ்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதும், ஃபண்ட் மேனேஜர் நிர்வகிக்கும் மியூச்சுவல் ஃபண்டில் நஷ்டம் வந்தால் சட்டென்று விற்பதும் தெரியவந்தது. இரண்டிலும் போனது பணம்தான். ஃபண்டில் பழியைப் போட ஆள் இருக்கிறார், தனிப் பங்கில் கண்ணாடிதான் இருக்கிறது.

போட்ட காசைத் துரத்தும் குணமும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஹால் ஆர்க்ஸும் காத்தரின் ப்ளூமரும் 1985இல் வெளியிட்ட ஒரு சோதனையில், நாடக சீசன் டிக்கெட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், எதிர்பாராத தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றுதான், இருக்கையும் ஒன்றுதான், கட்டிய தொகைதான் அவர்களைத் தள்ளியது. நாடகமாக இருந்தால் போவது ஒரு மாலை. பங்குச் சந்தையில் அதே குணம் மேலும் பணத்தைக் கேட்கும். அதன் பெயர் ஆவரேஜ் பண்ணுவது.

மறுபடி நம் இரண்டாவது பங்கு. 200க்கு வாங்கிய 500 பங்கு, விலை 140. இன்னும் 500 பங்கை 140க்கு வாங்குகிறார். சராசரி விலை 170 ஆகிவிட்டது. முன்பு அசல் வர விலை 43 சதவீதம் ஏற வேண்டும், இப்போது 21 சதவீதம் போதும். திரையில் தெரியும் நஷ்டமும் 30 சதவீதத்திலிருந்து 17.6க்கு இறங்கிவிட்டது. நிம்மதி! ஆனால் போன பணம் அதே 30,000. அதில் ஒரு பைசா திரும்பவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: இந்தப் பங்கில் மாட்டியிருக்கும் பணம் 70,000இலிருந்து 1,40,000 ஆகிவிட்டது. விலை இன்னும் பத்து சதவீதம் இறங்கினால் முன்பு 7,000 போயிருக்கும், இப்போது 14,000 போகும். சதவீதம் குறைந்ததற்குக் காரணம் கீழே வகுக்கும் எண் பெரிதானது, அவ்வளவுதான்.

ஆவரேஜ் பண்ணுவது எப்போதும் தப்பு என்று சொல்லவில்லை. 140 என்ற விலையில், வேறு எதையும்விட இந்தப் பங்கு மேல் என்று காரணத்தோடு சொல்ல முடிந்தால் வாங்கலாம். சோதிக்க எளிய வழி உண்டு. வாங்கும் காரணத்தை எழுதிப் பாருங்கள். அதில் "சராசரி", "அசல்", "ஏற்கெனவே" என்ற மூன்று சொற்களில் ஒன்றாவது இல்லாமல் வாக்கியம் அமையவில்லை என்றால், அது பங்கைப் பற்றிய காரணம் இல்லை.

விழுந்தது எழும் என்ற நம்பிக்கையையும் இங்கே ஒரு கை பார்த்துவிடலாம். அது முழுப் பொய் இல்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டு அளவில் மிகவும் அடிவாங்கிய பங்குகள் ஒரு கூட்டமாக மீண்டெழுந்ததை 1985இல் வெர்னர் டி பான்ட்டும் ரிச்சர்ட் தேலரும் காட்டினார்கள். ஆனால் ஆறு மாதம், ஓராண்டு அளவில் ஏறியது ஏறுவதும், இறங்கியது இறங்குவதுமான போக்குதான் பொதுவாகக் காணப்பட்டிருக்கிறது. தனி முதலீட்டாளர் பெரும்பாலும் கூட்டமாக ஐம்பது விழுந்த பங்குகளை வைத்திருப்பதில்லை, ஒன்றோ இரண்டோதான் வைத்திருப்பார். அது எழாமலே போய்விடவும் கூடும். எப்படியிருந்தாலும், எந்தப் போக்கும் நீங்கள் வாங்கிய விலையைப் பார்த்து நடப்பதில்லை.

இந்தப் பழக்கம் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம், எண்ணிப் பார்த்துவிடலாம். புரோக்கரிடமிருந்து ஓரிரு ஆண்டின் டிரேட் ஸ்டேட்மென்ட் எடுங்கள். ஏதாவது விற்ற நாட்களை மட்டும் குறியுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் நான்கு எண்கள்: லாபத்தில் விற்ற பங்குகள், லாபத்தில் இருந்தும் விற்காதவை, நஷ்டத்தில் விற்றவை, நஷ்டத்தில் இருந்தும் விற்காதவை. எதையும் விற்காத நாளை எண்ணக் கூடாது. அன்று நீங்கள் கணக்கைத் திறந்தீர்களா என்பதே தெரியாது.

மாதிரிக்கு மூன்று நாள் எடுப்போம். முதல் நாள் ஐந்து பங்கு லாபத்தில், நான்கு நஷ்டத்தில். லாபத்தில் இரண்டை விற்றார், நஷ்டத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாம் முறை மூன்று லாபத்தில், நான்கு நஷ்டத்தில், ஒவ்வொன்றிலும் ஒன்றை விற்றார். மூன்றாம் முறை இரண்டு லாபத்தில், மூன்று நஷ்டத்தில், லாபத்தில் ஒன்று விற்றது. கூட்டினால், விற்க வாய்ப்பிருந்த லாபங்கள் பத்து, விற்றது நான்கு, விகிதம் 0.40. விற்க வாய்ப்பிருந்த நஷ்டங்கள் பதினொன்று, விற்றது ஒன்று, விகிதம் 0.09. நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். மூன்று நாளை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது, முப்பது விற்பனை நாளாவது இருந்தால் எண்ணுக்கு மரியாதை வரும். இன்னொன்று: ஏறிப் பெருத்துவிட்ட பங்கைக் கொஞ்சம் குறைத்துப் பங்கீட்டைச் சரிசெய்யும் வழக்கம் உள்ளவர்களுக்கு லாப விகிதம் இயல்பாகவே கூடும். அதனால் முழுக்க விற்றதை மட்டும் தனியாக ஒருமுறை எண்ணிவிடுங்கள். ஓடியனும் அப்படிப் பார்த்தார், வித்தியாசம் மறையவில்லை.

பரிகாரம் என்று எல்லாரும் சொல்வது, "இந்தப் பணம் இன்று ரொக்கமாகக் கையில் இருந்தால் இதே பங்கை வாங்குவேனா?" என்ற கேள்வி. கேள்வி சரி. ஆனால் நாமே கேள்வி கேட்டு நாமே பதில் சொல்லும்போது "ஆமாம், வாங்குவேன்" என்று மனசு கூசாமல் பொய் சொல்லும். மார்ட்டின் வெபரும் காலின் கேமரரும் 1998இல் நடத்திய சோதனை இதைவிடக் கறாரானது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பங்குகள் தானாக விற்கப்பட்டுவிடும், விருப்பப்பட்டால் செலவில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பொருளாதாரக் கணக்கில் எதுவும் மாறவில்லை. ஆனாலும் நஷ்டப் பங்கைப் பிடித்துத் தொங்குவது வெகுவாகக் குறைந்தது. பேரேடு தானாக மூடப்பட்டுவிட்டதால், மறுபடி திறக்கக் காரணம் தேட வேண்டியிருந்தது.

இதை நிஜக் கணக்கில் செய்யலாம். குழப்பமான பங்கை உண்மையிலேயே விற்றுவிட்டு, சில வாரம் ரொக்கமாக வைத்திருப்பது. திரும்ப வாங்கத் தோன்றினால் வாங்கலாம். செலவு, தரகும் விற்பனைக்கான கட்டணங்களும். கவனிக்க வேண்டியது வரி விதி: அமெரிக்காவில் 30 நாளுக்குள் அதே பங்கைத் திரும்ப வாங்கினால் அந்த நஷ்டத்தை அப்போது கழிக்க முடியாது, வேறு நாடுகளில் விதி வேறு. வரி என்ற ஓரிடத்தில் மட்டும்தான் வாங்கிய விலைக்கு உண்மையான வேலை இருக்கிறது.

ஸ்டாப் லாஸ், அதாவது விலை இவ்வளவு இறங்கினால் விற்றுவிடுவது என்ற எல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஆர்டராகச் சந்தையில் கிடந்தால் உதவும், மனசுக்குள் வைத்திருக்கும் ஸ்டாப் லாஸ் விலை நெருங்கும்போது கீழே இறங்கிவிடும். ஆனால் "வாங்கிய விலையிலிருந்து பதினைந்து சதவீதம் கீழே" என்று வைத்தால் மறுபடி அதே எண்ணில்தான் கட்டிக்கொள்கிறோம். ஒரே இரவில் விலை தாவி விழுந்தால் அந்த விலையில் விற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதைவிட, வாங்கும் அன்றே காரணத்தை, பொய்யாகக்கூடிய வடிவில், தேதியோடு எழுதிவைப்பது மேல். "நல்ல கம்பெனி" என்று எழுதினால் அது என்றைக்கும் பொய்யாகாது. "நான்கு காலாண்டுக்குள் கடன் பாதியாகக் குறையும், அதனால் வாங்குகிறேன்" என்று எழுதினால் நான்காவது காலாண்டு முடிவில் பதில் தெரிந்துவிடும். கடன் குறையவில்லை என்றால், விலை 140 ஆனாலும் 260 ஆனாலும் வெளியே வரலாம். குறைந்திருந்தால், லாபத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விற்க வேண்டியதில்லை.

இன்னும் சுலபமானது ஒன்று உண்டு. புரோக்கர் செயலியில் சராசரி விலையும் லாப நஷ்டமும் காட்டும் பத்திகளை மறைக்க முடிந்தால் மறைத்துவிடுங்கள். முடியாவிட்டால், பங்கின் பெயர், எண்ணிக்கை, இன்றைய மதிப்பு என்ற மூன்றை மட்டும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதி, முடிவெடுக்கும்போது அதை மட்டும் பாருங்கள். வாங்கிய விலையைத் திரையில் காட்டாமல் வைத்த சோதனையில் இந்தச் சாய்வு கணிசமாகக் குறைந்தது.

விற்ற பிறகும் இந்த மனசு சும்மா இருப்பதில்லை, புதிய அசலை உண்டாக்கிக்கொள்ளும். 260க்கு விற்ற பங்கு 300க்குப் போனால், அதைத் திரும்ப வாங்க மாட்டோம். முதலீட்டாளர்கள் தாங்கள் விற்ற பிறகு ஏறிய பங்கைவிட இறங்கிய பங்கைத்தான் அதிகம் திரும்ப வாங்குகிறார்கள் என்று ஓடியனும் சகாக்களும் பின்னர் காட்டினார்கள். 300க்கு அது நியாயமான விலையாகவே இருக்கலாம், ஆனால் வாயிலிருந்து வருவது வேறு: "260க்கு வரட்டும், வாங்கிக்கலாம்."